தெரிவது எண், ஒட்டுவது சூத்திரம்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. எக்செல் சம்பளப் பட்டியலில் காப்பி-பேஸ்ட் செய்த இடத்தில் தப்பு என்று மறுபடியும் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. "சார், திரையில் 16,900 என்றுதானே இருந்தது, அதைத்தானே ஒட்டினேன்" என்கிறார்கள். இல்லை. நீங்கள் ஒட்டியது அந்த எண்ணை இல்லை.

வந்த ஃபைலையே பாருங்கள். மாதத் தாளில் B-யில் வேலை நாள் 26, C-யில் நாள் கூலி 650. D2-வில் இருந்தது இது:

```
=B2*C2
```

எக்செல் இதை "எனக்கு இடப்பக்கம் இருக்கும் இரண்டு கட்டங்களைப் பெருக்கு" என்றுதான் வைத்திருக்கிறது. அதை ஆண்டுப் பதிவேட்டின் F2-வில் Ctrl+V போட்டால் இப்படி ஆகிவிடும்:

```
=D2*E2
```

அந்தப் பதிவேட்டில் D, E இரண்டும் போன மாதத்து நாளும் கூலியும்: 25, 650. விடை 16,250. ஒருவருக்கு 650 ரூபாய் குறைந்துவிட்டது. #REF! என்று பிழை வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். இது நம்பும்படியான எண்ணாக உட்கார்ந்துகொண்டது, அதனால் யாரும் கேட்கவில்லை. கலரும் பார்டரும் கூடவே வந்துவிட்டதென்று எல்லோரும் புலம்புகிறார்கள். அது கண்ணுக்குத்தான் தொந்தரவு, சூத்திரம் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பணத்தைத் தின்கிறது.

ஆகவே, இன்னொரு தாளுக்குப் போகும் எண்ணை மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் Ctrl+Shift+V போதும். பழைய பதிப்பில் Ctrl+Alt+V அழுத்தி, V, அப்புறம் Enter. மவுஸ்தான் பழக்கம் என்றால் ரைட் கிளிக் செய்து 123 என்று போட்டிருக்கும் படத்தைத் தொடுங்கள். ஒட்டியதும் அந்தக் கட்டத்தில் நின்று மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள். 16900 என்று இருந்தால் சரி. = என்று தொடங்கினால் Ctrl+Z.

தேதி இருக்கும் பத்தியில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. மதிப்பை மட்டும் ஒட்டினால் 01-04-2025 என்பது 45748 என்று தெரியும். பதறி, கையால் திருத்தி அடிக்காதீர்கள். அந்தப் பத்திக்குத் தேதி வடிவம் கொடுத்தால் திரும்பிவிடும். முதலிலேயே Paste Special-இல் Values and number formats தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

சிலர் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுக்கிறார்கள். கடிதத்துக்கு அது நல்ல வழிதான். கணக்குக்கு வேண்டாம், ப்ளீஸ். 1083.33 என்ற தொகையைத் தசமம் இல்லாமல் காட்டச் சொல்லியிருந்தால் நோட்பேடுக்கு வெறும் 1083தான் போகும், பைசா அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று: மதிப்பாக ஒட்டிய எண் அப்படியே நிற்கும். மூலத்தில் வேலை நாளைத் திருத்தினால் மறுபடி ஒட்டியே ஆகவேண்டும், அதனால் மாதத் தாளைச் சரிபார்த்து முடித்த பிறகே பதிவேட்டுக்குக் கொண்டுபோங்கள்.