பேரம் பேசாத இன்வாய்ஸ்

சென்னை தரமணியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் எழுதுகிற புரோகிராம் எல்லாம் ஒரே ஒரு வாடிக்கையாளருக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் இருக்கும் தாய்க் கம்பெனிதான் அந்த வாடிக்கையாளர். மாதக் கடைசியில் இங்கிருந்து ஒரு இன்வாய்ஸ் கிளம்பும். தொகை ரூ.2.30 கோடி, டாலரில் மாற்றி எழுதியிருக்கும். அதைப் பார்த்து அங்கே யாரும் "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா" என்று கேட்பதில்லை. கேட்டும் பயனில்லை, இரண்டு பக்கமும் ஒரே முதலாளி.

இப்படிப்பட்ட குரூப் கம்பெனி கணக்குகளில் பல வருடம் புழங்கியவன் நான். வெளியாருக்குப் போகும் இன்வாய்ஸில் விலையைச் சந்தை கட்டிப்போடுகிறது. அதிகம் கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார், குறைத்துக் கேட்டால் நமக்கு நஷ்டம். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்தக் கட்டு கிடையாது. ரூ.2.30 கோடிக்குப் பதில் ரூ.2 கோடி என்று எழுதினால், முப்பது லட்சம் லாபம் இந்தியாவில் வரிக்கு வராமல் அமெரிக்கக் கணக்கில் போய் உட்காரும். அதனால்தான் 2001 முதல் இந்திய வருமான வரிச் சட்டம் ஒரு கேள்வி கேட்டு வருகிறது: இந்த இருவரும் உறவே இல்லாத அந்நியர்களாக இருந்திருந்தால் என்ன விலைக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள்? அதைத்தான் ஆர்ம்ஸ் லெங்த் விலை என்கிறோம். இந்தத் துறைக்கு டிரான்ஸ்பர் பிரைசிங் என்று பெயர், ஆபீஸ் பேச்சில் டிபி.

நம் உதாரணத்தில் அந்த 2.30 எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரி: சென்னைக்கு ஆகும் செலவு, அதற்கு மேல் 15 சதவீத மார்க்கப். மாதச் செலவு ரூ.2 கோடி என்று பட்ஜெட் போட்டிருக்கிறார்கள், அதில் 15 சதவீதம் முப்பது லட்சம். தயாரிப்பு அமெரிக்கச் சந்தையில் ஓடினாலும் படுத்தாலும் சென்னைக்கு இந்தப் பணம் வந்துவிடும். ரிஸ்க் எடுக்காதவருக்கு அளவான, நிலையான லாபம் என்பதுதான் இதன் அடிப்படை. மாதச் சம்பளம் வாங்குபவர் கடை வியாபாரத்தில் பங்கு கேட்பதில்லை அல்லவா, அதே மாதிரி. ஆனால் தயாரிப்பில் எதைச் சேர்ப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்கிற ஆட்கள் சென்னையிலேயே உட்கார்ந்திருந்தால், வரி அதிகாரி இந்தச் சம்பளக்காரர் கதையை நம்ப மாட்டார். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, மின்னஞ்சலில் "இதை நாம் செய்ய வேண்டாம்" என்று முடிவு சொன்னது யார் என்று தேடுவார்.

பன்னிரண்டு மாதமும் இன்வாய்ஸ் ஒரே தொகைக்குப் போகிறது. வருட வருமானம் ரூ.27.60 கோடி, பட்ஜெட் செலவு ரூ.24 கோடி. கணக்குப் பிரிவில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். மார்ச் வந்ததும்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். கிராஜுவிட்டி பொறுப்பைக் கணக்கிட்டு அனுப்பும் ஆக்சுவரியின் அறிக்கையில் எதிர்பார்த்ததைவிட 45 லட்சம் கூடுதல். போனஸுக்கு ஒதுக்க வேண்டியது இன்னொரு 75 லட்சம். உண்மையான செலவு ரூ.25.20 கோடி ஆகிவிட்டது.

இப்போது லாபம் ரூ.2.40 கோடி. அதை ரூ.25.20 கோடியால் வகுத்தால் வருவது 9.5 சதவீதம். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் 15 என்று எழுதியிருந்தும் வருடக் கடைசியில் கையில் நிற்பது 9.5. அதிகாரி பார்க்கப்போவது இந்தக் கடைசி எண்ணைத்தான். நம் மாதிரி கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் முறை, தனித்தனி இன்வாய்ஸை விட்டுவிட்டு வருடத்து மொத்த லாப விகிதத்தை வெளிக் கம்பெனிகளோடு ஒப்பிடுவது.

அந்த வெளிக் கம்பெனிகளைத் தேடுவதே தனி வேலை. புரோவெஸ், கேபிடலைன் போன்ற தரவுத்தளங்களில் நூற்றுக்கணக்கான சாப்ட்வேர் கம்பெனிகளின் கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் தன் குரூப்புக்கே அதிகம் விற்பவை, தொடர்ந்து நஷ்டத்தில் ஓடுபவை, சொந்தத் தயாரிப்பு விற்பவை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கையில் ஏழெட்டு மிஞ்சும். நம் உதாரணத்தில் எட்டு மிஞ்சியதாக வைப்போம். அவற்றின் லாப விகிதங்கள், சிறியதிலிருந்து பெரியதாக: 6, 9, 12, 14, 16, 18, 21, 27.

ஆறு அல்லது அதற்கு மேல் கம்பெனிகள் கிடைத்தால், 35ஆவது பெர்சென்டைலிலிருந்து 65ஆவது வரை உள்ள இடைவெளியில் நாம் இருந்தால் போதும் என்கிறது விதி. எட்டு கம்பெனிகள் என்றால் அது மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை, அதாவது 12 முதல் 18 சதவீதம். 12.1 வந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்க முடியாது. நமக்கு வந்திருப்பதோ 9.5. இப்போது அதிகாரி நம்மை 12க்குத் தூக்கிவிட்டு நிறுத்த மாட்டார். இடைவெளிக்கு வெளியே விழுந்தால் விலை நேராக நடு எண்ணுக்குப் போகும். இங்கே அது 14க்கும் 16க்கும் நடுவில், 15. ரூ.25.20 கோடியில் 15 சதவீதம் ரூ.3.78 கோடி. நாம் காட்டியது 2.40. வித்தியாசம் ரூ.1.38 கோடி வருமானத்தில் கூட்டப்படும். 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு இது ஏறக்குறைய 35 லட்சம் வரி, வட்டி தனி. அமெரிக்காவில் அதே ரூ.1.38 கோடிக்கு ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற இரண்டு நாட்டு வரித்துறைகளும் உட்கார்ந்து பேச வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும்.

இன்னொரு வலியும் உண்டு. இப்படிக் கூட்டிய தொகை ஒரு கோடியைத் தாண்டினால், காகிதத்தில் கூட்டியதோடு விடுவதில்லை. அந்தப் பணத்தை 90 நாளுக்குள் தாய்க் கம்பெனியிடமிருந்து நிஜமாகவே இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் அது தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த கடனாகக் கருதப்பட்டு வட்டி ஓடும்.

இத்தனையையும் தவிர்க்க மார்ச் மாதத்தில் ஒரு டெபிட் நோட் போதும். உண்மைச் செலவு ரூ.25.20 கோடி, 15 சதவீதம் சேர்த்தால் ரூ.28.98 கோடி. ஏற்கெனவே அனுப்பியது 27.60 போக மீதி ரூ.1.38 கோடிக்கு நோட் போட்டு, மார்ச் 31க்குள் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். இதை ட்ரூ-அப் என்பார்கள். அதிகாரி மூன்று வருடம் கழித்துக் கூட்டப்போகும் அதே தொகையை நாமே இன்று கூட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். சொல்ல எளிது. நடைமுறையில் அங்கிருந்து பதில் வரும்: "எங்கள் வருடம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது, போன வருடச் செலவை இப்போது எப்படி ஏற்றுவது?" அதனால் டிசம்பரிலேயே ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை என்று இரண்டு தடவை சரிபார்ப்பது என் வழக்கம். இந்த ட்ரூ-அப் பற்றி ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒரு வரி இருக்க வேண்டும். செலவு குறைந்து நாம் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டி வந்தால் அந்த வரி இன்னும் முக்கியம், ஏனென்றால் அப்போது இந்திய வருமானம் குறைகிறது. அதை எந்த அதிகாரியும் சும்மா விடுவதில்லை.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பழைய இன்வாய்ஸ்களில் ஒரே வரிதான் இருந்தது: "சேவைக் கட்டணம், மார்ச்". விசாரணை வந்தது கணக்கு முடிந்து ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. அதற்குள் அந்தத் தாளைத் தயாரித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அவருடைய லேப்டாப்பும் அழிக்கப்பட்டுவிட்டது. எந்தச் செலவுக்கு மார்க்கப் போட்டார்கள், எதை அப்படியே கடத்தினார்கள் என்று சம்பளப் பட்டியலிலிருந்து திரும்பக் கட்ட எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. சில எண்கள் கடைசிவரை ஒட்டவே இல்லை.

அதற்குப் பிறகு நான் போடும் இன்வாய்ஸில் என்ன வேலை, எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்தக் காலம் என்று முதலில் வரும். செலவும் மார்க்கப்பும் தனித்தனி வரிகள். தாய்க் கம்பெனிக்காக நாம் முன்பணமாகக் கட்டிய விமான டிக்கெட் மாதிரி செலவுகள் மார்க்கப் இல்லாமல் வேறொரு வரியில். ஜிஎஸ்டி கட்டாமல் சேவையை ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் குறிப்பும் அதிலேயே. பின்னால் செலவுத் தாள் இணைப்பாக இருக்கும், அதன் மொத்தம் லெட்ஜரோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்த வேண்டும். ஒப்பீட்டு ஆய்வு, கம்பெனியின் வேலை பற்றிய விளக்கம் எல்லாம் கொண்ட டிபி கோப்பு தனி. பட்டயக் கணக்காளர் சான்றளிக்கும் 3சிஇபி படிவத்துக்கு வழக்கமான கெடு அக்டோபர் 31, கோப்பும் அதற்குள் தயாராகிவிட வேண்டும். விசாரணை வந்தபிறகு தயாரித்த கோப்புக்கு மதிப்புக் குறைவு, தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆவணம் வைத்திருக்காவிட்டால் அந்தப் பரிவர்த்தனைத் தொகையில் 2 சதவீதம் அபராதம் விழலாம். விலை சரியாகவே இருந்தாலும்.

விலை சரி, காகிதமும் சரி என்று இருக்கும்போது பலர் தடுக்கி விழுவது பணம் வரும் தேதியில். ஒப்பந்தத்தில் 60 நாள் கெடு, தாய்க் கம்பெனி அனுப்பியதோ 150ஆவது நாள். வீட்டுக்குள் பணம்தானே என்று யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. அதிகாரி அந்த 90 நாளையும் வட்டியில்லாக் கடனாகப் பார்ப்பார். ரூ.2.30 கோடிக்கு 6 சதவீதம் வைத்தாலும் ஒரே இன்வாய்ஸுக்கு ரூ.3.40 லட்சம், இப்படிப் பன்னிரண்டு இன்வாய்ஸ். தாமதம் எல்லாமே கடன் ஆகிவிடாது என்று நீதிமன்றத்தில் வென்றவர்களும் உண்டு. ஆனால் ஏன் தாமதம், வெளி வாடிக்கையாளர் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை நாள் கொடுத்திருப்போம் என்பதற்கு அவர்கள் கையில் காகிதம் இருந்தது. இப்போது என் செலவுத் தாளில் கடைசிப் பத்தி பணம் வங்கிக்கு வந்த தேதி. அறுபதாம் நாள் தாண்டினால் அது சிவப்பாகும், அன்றைக்கே அங்கே ஒரு மின்னஞ்சல் போகும்.