ரீகான்சிலியேஷன்: இந்த சொல்லுக்கு தமிழ்ல என்ன? "சரிக்கட்டு"ன்னு சொன்னா ஏன் இடிக்குது?

டிசம்பர் வந்தா ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லார் வாயிலயும் ஓடுற வார்த்தை "ரெகோ". ரெகோ முடிஞ்சுதா, ரெகோல எவ்வளவு டிஃபரன்ஸ், நைன்-சி போட்டாச்சான்னு கேட்டுட்டே இருப்பாங்க. ரீகான்சிலியேஷன்ங்கிற நீளமான வார்த்தைய சுருக்கினதுதான் அது. ஜிஎஸ்டியில GSTR-9C-ன்னு ஒரு படிவம் இருக்குல்ல, அதோட பேரே ரீகான்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்தான். வருஷம் பூரா மாசாமாசம் போட்ட ரிட்டர்ன்ல காட்டின விற்பனையும், கடை கணக்குப் புத்தகத்துல இருக்கிற விற்பனையும் ஒண்ணா இருக்கா, இல்லன்னா எங்க ஏன் மாறுதுன்னு எழுதிக் கொடுக்கிற தாள்.

முதல்ல சொல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். லத்தீன்ல "கான்சிலியும்"னா கூட்டம், சபை. அதுல இருந்து "கான்சிலியாரே", அதாவது ஒண்ணு சேக்கிறது, இணக்கமாக்குறது. முன்னாடி "ரீ" சேந்தா மறுபடியும் ஒண்ணு சேக்கிறது. முதல்ல இது மனுஷங்களுக்கான வார்த்தை, பிரிஞ்சு போன அண்ணன் தம்பிய உக்கார வெச்சு பேசி சேத்து வைக்கிறோம்ல, அதுக்குப் பேர்தான் ரீகான்சில். கணக்குக்கு வந்தது பின்னாடி. ஆனா அந்தப் பழைய அர்த்தம் கணக்குக்கும் நல்லா பொருந்துது, ஏன்னா இங்கயும் ஒரே குடும்பத்து ஆளுங்க ரெண்டு பேர்தான். ரெண்டுமே ஒரே கடையோட விற்பனையத்தான் சொல்லுது, ஆனா வேற வேற தொகை சொல்லுது.

கடைக்காரங்க யாரும் ரீகான்சிலியேஷன்னு சொல்ல மாட்டாங்க, "டேலி ஆகல"ன்னுதான் சொல்வாங்க. டேலியும் லத்தீன்தான், "தாலியா"ன்னா வெட்டின குச்சி. கடன் தொகைக்கு குச்சியில கோடு வெட்டி நீளவாக்குல ரெண்டா பிளந்து ஆளுக்கு ஒரு பாதி வெச்சுக்குவாங்க, பின்னாடி சேத்துப் பாத்தா வெட்டு வெட்டோட பொருந்தணும், பொருந்தலன்னா யாரோ தில்லுமுல்லு பண்ணிருக்காங்க. ஆக டேலின்னா அப்படியே பொருந்தணும், ரீகான்சில்னா பொருந்தாதது ஏன்னு தெரிஞ்சு இணையணும். இந்த வித்தியாசம்தான் இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றதே, 9C கேக்கிறது டேலிய இல்ல.

தமிழ்ல என்ன சொல்லலாம்? நம்ம ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு "வங்கிச் சரிகட்டும் பட்டியல்" ஞாபகம் இருக்கும், பேங்க் ரீகான்சிலியேஷனுக்கு பாடப்புத்தகத்துல வெச்ச பேர். அதே பாணியில போனா இது "வரிச் சரிகட்டும் பட்டியல்" ஆகணும். எனக்கு அதுல ஒரு உறுத்தல். பேச்சு வழக்குல சரிக்கட்டுறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியும், ஆளப் பாத்து பேசி கவனிச்சு வாய அடைக்கிறது. கணக்க சரிக்கட்டிட்டேன்னு சொன்னா எங்கயோ ஒரு தொகைய சொருகி மட்டம் பண்ணிட்டேன்னு தான் காதுல விழுது. நிறைய பேர் நெசமாவே அதத்தான் செய்யுறாங்கங்கிறது வேற விஷயம்.

இலங்கைத் தமிழ்ல பேங்க் ரீகான்சிலியேஷன "வங்கிக் கணக்கிணக்கக் கூற்று"ன்னு சொல்றாங்க. கணக்கு + இணக்கம். இது அந்த லத்தீன் மூலத்துக்கே பக்கத்துல நிக்குது, இணக்கம்னா முன்னாடி பிணக்கு இருந்திருக்குன்னு அர்த்தம் வந்துடுதே. வெறும் "இணக்க அறிக்கை"ன்னு மட்டும் வெச்சா சரிப்படாது, ஏன்னா வரி இணக்கம்னு சொன்னா சட்டப்படி நடக்கிறது, அதாவது கம்ப்ளையன்ஸ்னு ஆயிடும். அதனால "கணக்கிணக்க அறிக்கை"ன்னு முழுசா சொல்றதுதான் என் கட்சி. ஒப்புநோக்கல், சரிபார்ப்பு எல்லாம் பாதி வேலைக்கான பேர், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கிறதோட அது நின்னுடும்.

சரி, ஏன் டேலி இல்லன்னு சொன்னேன்னா, ஒரு கணக்கு பாருங்க. ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரி, எல்லா சரக்கும் 18 சதவீதம்னு வெச்சுக்குவோம். 2024-25 வருஷம் புத்தகத்துல விற்பனை (வரி இல்லாம) 5,62,40,000. பன்னெண்டு மாச ரிட்டர்ன கூட்டினா 5,59,10,000. வித்தியாசம் 3,30,000. அஞ்சரை கோடியில மூணு லட்சம் ஒரு விஷயமா, ஏதோ ஒரு பில் விட்டுருக்கும், 18 சதவீதம் போட்டு 59,400 கட்டிட்டா முடிஞ்சுதுன்னுதான் தோணும். இங்கதான் சறுக்கும்.

நிதானமா மாசம் மாசமா பிரிச்சுப் பாத்தா மூணு விஷயம் கிடக்கு. முதல்ல, வருஷக் கடைசியில ரெகுலர் கஸ்டமருங்களுக்கு 1,20,000 டிஸ்கவுன்ட் கொடுத்துருக்கார், ஆனா ஜிஎஸ்டி குறைக்காம சும்மா கமர்ஷியல் கிரெடிட் நோட்டா போட்டுட்டார். புத்தகத்துல விற்பனை குறைஞ்சுது, ரிட்டர்ன்ல குறையல, குறைக்கவும் கூடாது. ரெண்டாவது, கடையில இருந்த பழைய ஜெனரேட்டர 1,50,000-க்கு வித்து ஒழுங்கா வரி போட்டு ரிட்டர்ன்ல காட்டிட்டார், ஆனா புத்தகத்துல அது விற்பனைக் கணக்குல வராது, சொத்துக் கணக்குல கழிஞ்சிடும். இந்த ரெண்டுலயும் ரிட்டர்ன்தான் புத்தகத்த விட 2,70,000 கூட காட்டணும். ஆனா இங்க புத்தகம்தான் 3,30,000 கூட காட்டுது. அப்ப ரெண்டையும் சேத்தா 6,00,000 ரூபா விற்பனை ரிட்டர்னுக்கே வராம போயிருக்கு.

அது மார்ச் 28 தேதி போட்ட ஒரே பில். பெரும்பாலும் மார்ச்சுலதான் இது நடக்கும், ரிட்டர்னுக்கு டேட்டா எடுத்துக் கொடுத்தப்புறம் பழைய தேதி போட்டு ஒரு பில் ஏத்துவாங்க, புத்தகத்துல உக்காந்துடும், மாசாமாசம் விற்பனை பில்லுங்களக் காட்டுற ரிட்டர்ன் GSTR-1-ல வராது. இ-இன்வாய்ஸ் இருந்தா போர்ட்டல்ல தானா வந்து விழுந்திருக்குமேன்னு கேப்பீங்க, இவர் 5 கோடி தாண்டினதே இந்த வருஷம்தான் முதல் தடவை, இ-இன்வாய்ஸ் அடுத்த வருஷத்துல இருந்துதான் கட்டாயம். பில் நம்பர் வரிசைய GSTR-1-ல இருக்கிறதோட ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்தா மட்டும்தான் விட்டுப்போன நம்பர் தெரியும், மொத்தத் தொகைய மட்டும் வெச்சுட்டு இருந்தா கடைசி வரைக்கும் தெரியாது. மூணும் எதிரெதிரா ஒண்ண ஒண்ணு மறைச்சுட்டு நிக்கும். டிஸ்கவுன்ட்டும் ஜெனரேட்டரும் இன்னும் 3,30,000 கூட இருந்திருந்தா வித்தியாசம் பூஜ்யமாவே காட்டிருக்கும், டேலி ஆயிடுச்சுன்னு பாயாசம் சாப்பிட்டுருப்பாங்க.

இனி 9C எப்படி எழுதுறதுன்னா, அஞ்சாவது அட்டவணையில முதல் வரி 5A-ல புத்தக விற்பனை 5,62,40,000. நடுவுல இருக்கிற கூட்டல் கழித்தல் வரிகள்ல 1,20,000-உம் 1,50,000-உம் கூட்டணும். 5P-ல 5,65,10,000 வரும். அடுத்த வரி 5Q, வருடாந்திர ரிட்டர்ன் GSTR-9-ல காட்டின விற்பனை. கடைசி 5R, ஒத்துவராத வித்தியாசம். 5R-ல தொகை இருந்தா ஆறாவது அட்டவணையில காரணம் எழுதணும். நான் இதத்தான் சொன்னேன், படிவமே வித்தியாசம் இருக்கும்னு நம்பித்தான் வடிவமைச்சிருக்காங்க, ஏன்னு கேக்குது, அழிச்சுட்டு வான்னு கேக்கல.

அந்த 5Q எவ்வளவு வரும்ங்கிறது பில்ல எப்ப கண்டுபிடிச்சோம்ங்கிறத பொறுத்தது. டிசம்பர் 31 கடைசி தேதின்னு எல்லாரும் அதையே பாத்துட்டு இருப்பாங்க, உண்மையான கடைசி தேதி அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நவம்பர் 30. போன வருஷத்து பில்ல இந்த வருஷ ரிட்டர்ன்ல திருத்திக் காட்ட அதுவரைக்கும்தான் அனுமதி. நம்ம வியாபாரி அக்டோபர் மாச ரிட்டர்ன்ல இத சேத்து நவம்பர் 20-ஆம் தேதி 1,08,000 வரி கட்டினார்னா, ஏப்ரல் 20-ல இருந்து 214 நாளுக்கு 18 சதவீத வட்டி கிட்டத்தட்ட 11,400 ரூபா சேரும். GSTR-9-ல "அடுத்த வருஷ ரிட்டர்ன்ல காட்டினது"ங்கிற பத்தாவது அட்டவணையில அந்த 6,00,000 ஏறும், 5Q 5,65,10,000 ஆகும், 5R பூஜ்யம். சரக்கு வாங்கினவருக்கும் அந்த வரி இன்புட் கிரெடிட்டா, அதாவது அவர் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிற தொகையா, போய்ச் சேந்துடும்.

இதே பில் டிசம்பர் 15-ல கிடைச்சா? வரிய வட்டியோட DRC-03ங்கிற படிவத்துல நாமளே தனியா கட்டலாம், ஆனா வாங்கினவருக்கு கிரெடிட் எடுக்கிற கெடு முடிஞ்சு போச்சு. 1,08,000 அவருக்கு கையில இருந்து போன காசு. "ஏண்ணே, என் பணத்த வாங்கி வெச்சுக்கிட்டு பில்ல ஏன் காட்டல"ன்னு அவர் வந்து நிக்கும்போது உங்க கணக்கிணக்க அறிக்கை எவ்வளவு அழகா இருந்தாலும் பதில் இருக்காது. ஒரு வியாபாரி என்கிட்ட டிசம்பர் கடைசி வாரத்துல "சார், எப்படியாச்சும் சரிக்கட்டி விட்டுடுங்க"ன்னார், வார்த்தைய அவர் சரியாத்தான் பிடிச்சிருக்கார்னு நெனச்சுக்கிட்டேன்.

யாருக்கெல்லாம் இதுன்னு சுருக்கமா: வருஷ மொத்த விற்பனை 2 கோடி வரைக்கும் இருந்தா GSTR-9-க்கே விலக்கு, 5 கோடி தாண்டினா 9-ஓட 9C-உம். மொத்த விற்பனைன்னா வரி இல்லாத சரக்கும் சேத்து, ஒரே பான் நம்பர்ல எத்தன பதிவு இருந்தாலும் எல்லாம் சேத்து. சில்லறை அரிசி விக்கிறதும் அதுல வரும், நிறைய பேர் அத விட்டுட்டு எண்ணி நாலரை கோடின்னு நிம்மதியா இருப்பாங்க. முன்ன எல்லாம் 9C-க்கு ஆடிட்டர் சான்று வேணும், 2020-21 கணக்குல இருந்து வியாபாரியே சான்று கொடுத்தா போதும்.

முதல்ல 9, அது போனாத்தான் 9C. ரெண்டும் சேந்தாதான் வருடாந்திரக் கணக்கு முடிஞ்சதா எடுத்துக்குவாங்க, அதுவரைக்கும் இவர மாதிரி 5 கோடிக்கு மேல 20 கோடிக்குள்ள இருக்கிறவங்களுக்கு நாளைக்கு 100 ரூபா தாமதக் கட்டணம் ஓடும். போட்டப்புறம் ரெண்டையுமே திருத்த வழி கிடையாது, அதனால நான் பில் நம்பர் ஓட்டுற வேலைய அக்டோபர் ஆயுதபூஜை முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுடுவேன், மார்ச் மாச ஃபைல்ல இருந்து பின்னாடி போவேன்.