இரண்டு ஆர்டர், ஒரே டாலர்

கணக்கில் 5,000 டாலர் வைத்திருக்கும் ஒரு ஃபாரெக்ஸ் டிரேடரை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் நஷ்டம் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் விதி. EUR/USD, அதாவது ஒரு யூரோவின் டாலர் விலை, 1.10-இல் இருக்கும்போது 10,000 யூரோ வாங்குகிறார். GBP/USD 1.30-இல் 10,000 பவுண்டு வாங்குகிறார். இரண்டுக்கும் 50 பிப் கீழே ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆர்டர். பிப் என்பது இந்த விலைகளில் 0.0001 அளவு நகர்வு. இந்த அளவில் ஒரு பிப் என்பது ஒரு டாலர். எனவே ஒவ்வொன்றிலும் 50 டாலர்தான் ஆபத்து. விதி மீறப்படாத மாதிரிதான் தெரிகிறது.

ஜோடிகளைப் பிரித்து, நாணயம் நாணயமாக எழுதிப் பாருங்கள். கையில் 10,000 யூரோ, 10,000 பவுண்டு. அதற்காக விற்றது 11,000 டாலரும் 13,000 டாலரும், ஆக 24,000 டாலர். டாலர் இறங்கும் என்ற ஒரே பந்தயத்தை அவர் இரண்டு முறை கட்டியிருக்கிறார். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்து டாலர் எகிறினால், இரண்டு ஸ்டாப்பும் சில நிமிடங்களில் அடிபடும். போனது 100 டாலர், அதாவது 2 சதவீதம்.

சரியாக இரட்டிப்பா என்றால், அது இரண்டும் எந்த அளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு ρ-வைப் பொறுத்தது. சம அளவு ஆபத்துள்ள இரண்டு பொசிஷனின் மொத்த ஏற்ற இறக்கம், ஒன்றினுடையதைப் போல √(2+2ρ) மடங்கு. ρ பூஜ்யமானால் 1.41 மடங்கு, 0.9 ஆனால் 1.95. ρ-வை விலைகளை வைத்துக் கணக்கிடாதீர்கள். இரண்டு விலைகள் மாதக்கணக்கில் ஒரே பக்கம் நகர்ந்தாலே எண் பெரிதாக வந்து ஏமாற்றும். தினசரி சதவீத மாற்றங்களைத்தான் விரிதாளின் `CORREL`-க்குக் கொடுக்க வேண்டும்.

டாலரின் விலையை ஸ்விஸ் ஃபிராங்கில் சொல்லும் USD/CHF-இல் டாலர் முன்னால் நிற்கிறது. அதை விற்பதும் EUR/USD வாங்குவதும் ஒரே திசைப் பந்தயம். ஒன்று Sell, மற்றொன்று Buy என்பதால் திரையில் அது தெரியாது. இரண்டையும் வாங்கினால் ஒன்றின் நஷ்டத்தை மற்றது ஈடுகட்டும் என்று பலர் நம்பினார்கள். 2011 செப்டம்பர் முதல் ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் ஸ்விஸ் மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. யூரோவும் ஃபிராங்கும் சேர்ந்தே நகர்ந்ததற்கு அந்தப் பிடி பெரிய காரணம். 2015 ஜனவரி 15 அன்று வங்கி கையை எடுத்தது. USD/CHF 1.02 அருகிலிருந்து சில நிமிடங்களில் 0.90-க்குக் கீழே விழுந்தது. அன்றே EUR/USD-யும் இறங்கியது. ஈடுகட்ட வேண்டிய இரண்டும் ஒரே நேரத்தில் நஷ்டம். இடைப்பட்ட விலைகளில் வாங்க ஆளில்லாததால் ஸ்டாப் லாஸ்கள் வெகு கீழே போய்த்தான் நிறைவேறின. பல கணக்குகளில் போட்ட பணம் முழுதும் போய், அதற்கு மேல் கடனும் விழுந்தது.