சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கு ஒரு தேதி: சட்டமன்றம் எழுதாத விதி எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

ஜூன் 15 அதிகாலையில் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால், 61 நாள் கரையோடு கட்டிக் கிடந்த விசைப்படகுகள் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம். அதே காலையில் முட்டத்துக்கோ குளச்சலுக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ போனால், அங்குள்ள விசைப்படகுகள் கட்டிய கயிறு அவிழாமல் நிற்கும். அவற்றுக்கு ஜூலை 31 முடிய வேண்டும். குமரி முனையின் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். ஆனால் ஒரே மாவட்டத்தில், ஒரே மாநிலச் சட்டத்தின் கீழ், இரண்டு வேறு நாட்காட்டிகள் ஓடுகின்றன.

இந்தத் தேதிகள் எந்தச் சட்டத்தில் இருக்கின்றன என்று தேடினால், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் ஏப்ரல் என்றோ ஜூன் என்றோ எதுவும் கிடைக்காது. அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு செய்திருப்பது வேறு. இன்ன கடற்பகுதியில், இன்ன வகைப் படகுகள், இன்ன மீன்களை, இன்ன காலத்துக்கு, இன்ன கருவிகளால் பிடிப்பதை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடைசெய்யவோ அரசு ஓர் அறிவிக்கை வெளியிடலாம் என்று அது அதிகாரம் அளிக்கிறது. தேதிகள் அந்த அதிகாரத்தின் கீழ் அரசு வெளியிடும் ஆணையில்தான் வருகின்றன. சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்காத அந்த ஆணையை மீறினால் படகு பிடிபடும், தண்டம் விழும். இப்படிப் பிறக்கும் விதியைச் சார்நிலைச் சட்டம் என்றும், அதற்கு அதிகாரம் தரும் சட்டத்தைத் தாய்ச்சட்டம் என்றும் சொல்வது வழக்கம்.

மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வாக்களிக்காத ஒரு தேதிக்கு ஒரு மீனவர் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை, சட்டமன்றம் எதைத் தன் கையில் வைத்துக்கொண்டது, எதை அரசின் கையில் கொடுத்தது என்பதில் இருக்கிறது. கடல்வளத்தைக் காக்க மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்ற கொள்கையைச் சட்டமன்றமே முடிவு செய்தது. மீறினால் என்ன தண்டம், அதை யார் விசாரிப்பது, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் தாய்ச்சட்டமே சொல்கிறது. அதைவிட முக்கியமாக, ஆணையிடும்போது அரசு எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது: மீன்பிடித் தொழிலில் உள்ள பல்வேறு பிரிவினரின் நலன், குறிப்பாகக் கட்டுமரம், நாட்டுப்படகு போன்ற பாரம்பரியக் கலங்களில் தொழில் செய்வோரின் நலன், மீன்வளத்தைப் பேணி அறிவியல் அடிப்படையில் மீன்பிடிக்க வேண்டிய தேவை, கடலில் சட்டம் ஒழுங்கு. தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது வள்ளங்களும் கட்டுமரங்களும் தொழிலுக்குப் போவதைப் பார்க்கிறோம் அல்லவா? அது அரசு காட்டும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில் தாய்ச்சட்டத்தின் அந்த வரியிலிருந்து இறங்கி வரும் வேறுபாடு.

இதற்கு மேல் ஓர் எல்லையும் உண்டு. 1951இல் தில்லிச் சட்டங்கள் பற்றிக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஏழு தனித்தனிக் கருத்துகளை எழுதினார்கள். அவற்றிலிருந்து பின்னர் நிலைபெற்ற கோட்பாடு இதுதான்: கொள்கையை வகுப்பதும் அதைக் கட்டுப்படுத்தும் விதியாக ஆக்குவதும் சட்டமியற்றும் அவையின் சாரமான பணி, அதைப் பிறரிடம் தள்ளிவிட முடியாது, விவரங்களை நிரப்பும் பணியை மட்டுமே ஒப்படைக்கலாம். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் ஆணை, துணைவிதி, விதி, ஒழுங்குமுறை, அறிவிக்கை எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. அறிவிக்கைக்குச் சட்டத்தின் வலு உண்டு என்பதை அது காட்டுகிறது. அதே காரணத்தால் அடிப்படை உரிமையை மீறும் அறிவிக்கை, அப்படி மீறும் சட்டத்தைப் போலவே செல்லாது என்பதையும் காட்டுகிறது.

தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எங்கள் கடற்கரையே சான்று. முதலில் தடைக்காலம் 45 நாள்தான். கிழக்கே அது மே 29உடன் முடிந்துவிடும். 2017இல் தமிழ்நாட்டில் அது 61 நாளானது. பிறகு 2020இல் ஊரடங்கால் படகுகள் முன்பே கரையேறிவிட்டதால், மத்திய அரசு அந்த ஆண்டுக்கு மட்டும் தடையை 47 நாளாகக் குறைத்தது. தமிழ்நாட்டிலும் கிழக்குக் கரையில் ஜூன் 1 அன்றே படகுகள் கடலுக்குப் போயின. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒத்திவைக்கப்பட்ட தமிழ்நாடு சட்டமன்றம் செப்டம்பரில்தான் மீண்டும் கூடியது. தேதி தாய்ச்சட்டத்தில் பதிந்திருந்தால், அதைத் திருத்த வழக்கமாக ஒரு மசோதா வேண்டும், அவை கூட வேண்டும், விவாதமும் வாக்கெடுப்பும் வேண்டும், ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். அதற்குள் பருவமே கடந்து போயிருக்கும். அறிவிக்கை என்பதால் சில நாட்களில் மாற்ற முடிந்தது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. சட்டமன்றத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிறது. அறிவிக்கையோ தலைமைச் செயலகத்தில் ஓர் அறைக்குள் தயாராகிறது. ஆகவே நீதிமன்றங்கள் ஒரு நிபந்தனையை உறுதியாகப் பிடித்துக்கொண்டன: வெளியிடப்படாத விதி யாரையும் கட்டுப்படுத்தாது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சர் குழு 1923இல் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனால் அதை எங்கும் வெளியிடவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் தண்டனையை ரத்து செய்தது. மக்கள் அறிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு விதிக்காக ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்பதே அதன் காரணம். அரசிதழில் வெளியாவது வெறும் சடங்கு இல்லை. விதியின் உயிர் அதில் இருக்கிறது.

இன்னொரு காவல் சட்டமன்றத்தின் மேசை. தாய்ச்சட்டங்கள் பொதுவாக, அவற்றின் கீழ் வரும் விதிகள் அவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்கின்றன. அவை விரும்பினால் மாற்றலாம், நீக்கலாம். ஆனால் நீக்குவதற்கு முன் அந்த விதியின் கீழ் நடந்தவை செல்லாமல் போவதில்லை. அவையில் விதிகளை ஆராயவென்றே ஒரு குழுவும் உண்டு. வெளிப்படையாகச் சொன்னால், இந்தக் காவல் மெலிந்தது. குவியும் விதிகளில் விவாதத்துக்கு வருபவை மிகக் குறைவு. உண்மையான உரசல் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது.

நடைமுறையில் ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. 'அரசாணை' என்ற ஒரே தலைப்பில் இரண்டு வேறு வகைக் காகிதங்கள் வருகின்றன. தடைக்கால ஆணையும் அரசாணைதான்; தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு வழங்கும் நிவாரணத் தொகையும் அரசாணையால்தான் வருகிறது. முன்னது தாய்ச்சட்டம் தந்த அதிகாரத்தில் பிறந்ததால் வெளியாரையும் கட்டுப்படுத்துகிறது. பின்னது அரசு தன் நிர்வாக அதிகாரத்தில் வகுத்த திட்டம். அதைக் கொண்டு யார்மீதும் தண்டம் விதிக்க முடியாது. எது எந்த வகை என்று அறிய ஆணையின் தொடக்க வரியைப் படித்தால் போதும். 'இன்ன சட்டத்தின் இன்ன பிரிவால் அளிக்கப்பட்ட அதிகாரங்களைச் செலுத்தி' என்ற தொடர் இருந்தால், எந்தப் பிரிவு என்று பார்த்து, தாய்ச்சட்டத்தில் அந்தப் பிரிவைத் திறந்து, ஆணை சொல்வது அதற்குள் அடங்குகிறதா என்று ஒப்பிட வேண்டும். வழக்கறிஞர்கள் முதலில் செய்வதும் அதைத்தான். பிரிவு எண் தவறாக அச்சாகியிருந்தால் மட்டும் ஆணை விழுந்துவிடாது. அந்த அதிகாரம் சட்டத்தில் வேறெங்காவது உண்மையில் இருந்தால் போதும். எங்கும் இல்லை என்றால்தான் சிக்கல்.

அதிகாரம் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான கோடு கடலில் எங்கே விழுகிறது என்பது தூத்தூர்ப் பகுதி மீனவர்களுக்குப் பழக்கமான செய்தி. அவர்களின் ஆழ்கடல் படகுகள் பல கொச்சியிலிருந்து தொழில் செய்கின்றன. கேரளத்தின் கடற்பரப்பில் அவர்களைக் கட்டுப்படுத்துவது தமிழ்நாட்டு அறிவிக்கை அல்ல; 1980ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தின் கீழ் வரும் ஆணை. அங்கே இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். அந்தக் கேரளச் சட்டத்தின் கீழ், பாரம்பரிய மீனவர்களைக் காக்க, மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி உள்ளிட்ட சில வலைகளைக் கேரளக் கடலில் தடைசெய்த அறிவிக்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 1990களின் தொடக்கத்தில் செல்லும் என்று தீர்ப்பானது. தாய்ச்சட்டம் எவரைக் காக்கச் சொன்னதோ அவரைக் காக்கவே ஆணை எழுந்தது என்பது அங்கே துணை நின்றது.

தமிழ்நாட்டின் சுருக்குமடித் தடைக்கு வந்த சோதனை வேறு வகையானது. 2022 பிப்ரவரியில் வந்த அரசாணை அந்த வலையைத் தடைசெய்தது. மாநிலப் பட்டியலில் மீன்வளம் இருக்கிறது. ஆனால் கடல் எல்லைக்கு அப்பாலான மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரைதான் அந்த எல்லை. சட்டமன்றத்துக்கே இல்லாத அதிகாரத்தை அது அரசுக்கு ஒப்படைக்க முடியாது என்பதால், 12 மைலுக்கு அப்பால் அந்த ஆணை எட்டுமா என்ற கேள்வி எழுந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரை நீளும் தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், பதிவு செய்யப்பட்ட படகுகள் மட்டும், கண்காணிப்புக் கருவியோடு, திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடியைப் பயன்படுத்தலாம் என்றது. அந்த உத்தரவின்படி மற்ற ஐந்து நாட்களிலும், 12 மைலுக்கு உட்பட்ட கடல் முழுவதிலும், அந்த வலைக்கு இடமில்லை என்றானது.