தூண் எழுப்பும் முன் பெறவேண்டிய சான்றிதழ்: பெங்களூரில் சொந்த மனையில் வீடு கட்டுவோருக்கு

பெங்களூரில் வீடு கட்டும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "வரைபட அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும்?" என்பதைத்தான். அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் பூமி பூஜைக்கு நாள் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தோடு இணைந்து வரும் நிபந்தனைகளைப் பெரும்பாலும் எவரும் படிப்பதில்லை. அந்த நிபந்தனைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். அடித்தளம் முடிந்தபின், சுவர் எழுப்பும் முன்பும், தூண்களால் ஆன கட்டடமாயின் தூண்களை எழுப்பும் முன்பும், தொடக்கச் சான்றிதழ் பெறவேண்டும் என்பதே அது.

இந்தச் சான்றிதழின் பெயர் பலரைக் குழப்புகிறது. மண் தோண்டத் தொடங்குவதற்கான அனுமதி என்றே பலர் நினைக்கிறார்கள். தோண்டுவதற்கு முன் மாநகராட்சிக்கு வேலை தொடங்கப்போவதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. தொடக்கச் சான்றிதழோ, தோண்டி, தூணைத் தாங்கும் அடிப்பீடமான ஃபுட்டிங்குக்குக் கான்கிரீட் போட்டு, தூண் கம்பிகள் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டத்துக்குரியது. பழைய பெருநகர மாநகராட்சியின் 2003-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளை ஒட்டி வந்த நடைமுறை இது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் இந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குப் பொறியியல் காரணம் உண்டு. தூண் கம்பிகள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் வீடு நிற்கப் போகிறது. அதற்குப் பிறகு வரும் பீம், கூரை, சுவர் எல்லாம் அந்தக் கோட்டையே பின்பற்றும். சுற்றிலும் விடவேண்டிய காலியிடம் குறைந்திருந்தால், அதைக் குறைந்த செலவில் கண்டுபிடிக்கக்கூடிய கடைசி வாய்ப்பு இதுவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முப்பதுக்கு ஐம்பது அடி மனை என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரப்படி அகலம் 9.14 மீட்டர். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் காலியிடமும், நடுவில் 7.14 மீட்டர் அகலக் கட்டடமும் காட்டப்பட்டிருக்கின்றன. தரையில் டேப் பிடித்துப் பார்த்தால் இரு காம்பவுண்டுக்கும் இடையே 9.00 மீட்டர்தான் இருக்கிறது. அண்டை வீட்டார் சுவரைச் சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கலாம், அல்லது லேஅவுட் கல் நட்டபோதே பிழை நேர்ந்திருக்கலாம். பழைய லேஅவுட்டுகளில் இத்தகைய வேறுபாடு அரிதன்று.

மேஸ்திரி இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் அளந்து நூல் கட்டுகிறார், அங்கிருந்து 7.14 மீட்டரை அளந்து அடுத்த நூலைக் கட்டுகிறார். வலப்பக்கத்தில் எஞ்சுவது 0.86 மீட்டர். அதாவது அந்தப் பக்கக் காலியிடம் 14 சதவீதம் குறைகிறது. அந்த 2003 விதிகளின்படி ஐந்து சதவீதம் வரையிலான விலகலைத்தான், அதுவும் ஆணையரின் விருப்புரிமைக்கு உட்பட்டு, கட்டணம் செலுத்தி முறைப்படுத்த இயலும். ஒரு மீட்டருக்கு ஐந்து சதவீதம் என்பது வெறும் ஐந்து சென்டிமீட்டர். குறையை இரு பக்கமும் பகிர்ந்துவிடலாமே என்று மேஸ்திரி சொல்லக்கூடும். அப்போதும் ஒவ்வொரு பக்கமும் 0.93 மீட்டராகி, ஏழு சதவீத விலகலோடு எல்லையைத் தாண்டிவிடும். கட்டடத்தின் அகலத்தையே ஏழு மீட்டராகக் குறைத்து, வரைபடத்தைத் திருத்தி, அந்தத் திருத்தத்துக்கு அனுமதி பெறுவதே சரியான வழி. தோண்டுவதற்கு முன்பே மனையை அளந்திருந்தால் இதற்கு ஆகும் செலவு வரைபடச் செலவு மட்டுமே. ஃபுட்டிங் போட்டபின் தெரிந்தால் ஒரு வரிசைத் தூண்களை நகர்த்த வேண்டியிருக்கும். முதல் மாடிக் கூரை போட்டபின் தெரிந்தால் செய்வதற்கு ஏதுமில்லை.

இந்த ஐந்து சென்டிமீட்டரைப் பூச்சு வேலையும் தின்னும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிப்பூச்சு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. கல் பதிக்கும் ஆசை இருந்தால் இன்னும் கூடும். எனவே நூல் கட்டும்போது தூணின் மையத்தை மட்டும் பார்க்காமல், பூச்சு முடிந்த வெளிமுகம் எங்கே வந்து நிற்கும் என்பதைக் கணக்கிட்டு அளக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடவும் வேண்டும்; அவை சமமாக இல்லையென்றால் கட்டடம் கோணலாக உட்கார்ந்து பின்பக்கக் காலியிடம் ஒரு மூலையில் குறையும்.

சான்றிதழுக்காக வரும் அலுவலர் பார்ப்பது பெரும்பாலும் இந்த எல்லை அளவுகளைத்தான். ஃபுட்டிங்குக்குள் எத்தனை கம்பி போட்டிருக்கிறது என்பதை அவர் பார்க்க இயலாது, ஏனெனில் அவர் வருவதற்குள் அது கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும். அந்தச் சோதனை கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பே, பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரால் நடத்தப்பட வேண்டும். குழியின் ஆழம் வடிவமைப்பில் கருதிய மண்ணை எட்டியிருக்கிறதா, கம்பிக்குக் கீழே அதைக் காக்கும் ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட் கவர் இருக்கிறதா, தூண் கம்பிகளின் எண்ணிக்கையும் விட்டமும் வரைபடத்தோடு பொருந்துகின்றனவா என்பவற்றை அவர் பார்த்துக் கையொப்பமிட்ட தாளையும், தேதியோடு எடுத்த படங்களையும் கோப்பில் வைத்திருங்கள். அலுவலரின் சான்றிதழ் கட்டடம் உறுதியானது என்பதற்குச் சான்றாகாது.

'நம்பிக்கெ நக்ஷெ' என்ற திட்டத்தில் ஐம்பதுக்கு எண்பது அடி வரையிலான மனைகளில் நான்கு குடியிருப்புகள் வரை கட்டுவதற்குப் பட்டியலில் உள்ள கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் வழியாக உடனடித் தற்காலிக அனுமதி கிடைக்கிறது. ஆவணச் சரிபார்ப்பு பின்னர் நடைபெறும். வரைபடத்தில் எழுதிய மனை அளவு தரையோடு பொருந்துகிறதா என்ற பொறுப்பு இதில் உரிமையாளர் மீதும் அவருடைய பொறியாளர் மீதுமே கூடுதலாக விழுகிறது. மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவான இ-காத்தாவில் உள்ள அளவும் பத்திர அளவும் வேறுபட்டால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் விளைவு இறுதியில் தெரியும். கட்டட உரிமம் கிடைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி முடித்து, முடிந்த ஒரு மாதத்துக்குள், வீட்டில் குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் குடியேற்றச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரடி ஆய்வுக்குப் பிறகே அது வழங்கப்படும். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கட்டுமானக் காலம் முழுவதும் அனுமதி பெற்ற வரைபடம் மனையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், குடியேற்றச் சான்றிதழைக் காட்டிய பின்பே மின்சாரம், குடிநீர் போன்ற இணைப்புகளைத் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதன்பின் பெங்களூரில் முடிந்த வீடுகள் பல நிரந்தர மின் இணைப்புக்காகக் காத்திருக்க நேர்ந்ததால், 2025-ல் மாநில அரசு 1,200 சதுர அடி வரையிலான சிறு மனை வீடுகளுக்குக் குடியேற்றச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தது. மேலே கணக்கிட்ட முப்பதுக்கு ஐம்பது அடி மனை அந்த வரம்புக்குள் வராது. வரம்புக்குள் வரும் மனைக்காரருக்கும் வரைபட அனுமதி தேவைதான். பக்கத்து வீட்டார் காலியிடம் குறைவு என்று புகார் கொடுத்தால், டேப் பிடிப்பது அந்த வரைபடத்தை வைத்துத்தான்.