பத்தடி அறை ஒன்பதே முக்காலுக்கும் கீழே போன கதை

பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டு வேலை. மேஸ்திரி போன் செய்தார். "சார், பெட்ரூம் பத்தடின்னு போட்டிருக்கீங்க. ஸ்கேல் வச்சா ஒன்பதே முக்கால்கூட வரல. எதைப் பார்த்துக் கட்டறது?"

எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கட்டுங்கள் என்றேன். படத்திலும் தப்பில்லை. நான் அனுப்பிய பிடிஎஃப்பை தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் Fit என்ற தேர்வோடு அச்செடுத்திருந்தார்கள். தாள் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, பிரிண்டர் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. 120 இன்ச் 116.4 இன்ச்சாகத் தெரியும். அதாவது 9 அடி 8.4 இன்ச்.

ஆட்டோகேடில் வீட்டை அதன் நிஜ அளவிலேயே வரைகிறோம். திரையில் ஸ்கேல் என்று ஒன்று கிடையாது. தாளுக்கு வரும்போதுதான் அது பிறக்கிறது. லேஅவுட் என்ற தாள் பக்கத்தில் வீட்டைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட், பிறகு பிளாட், கடைசியில் பிரிண்டர் என்று மூன்று கை மாறுகிறது. ஏதாவது ஒரு கை தவறினாலும் போச்சு.

முதல் கைதான் அதிகம் ஏமாற்றும். அந்த மனை 30-க்கு 40 அடி. நம் ஊரில் அடி, இன்ச்சில்தான் வரைகிறோம். படத்தில் ஒரு யூனிட் என்பது ஒரு இன்ச். 40 அடி, 480 யூனிட். தாளோ மில்லிமீட்டரில் இருக்கிறது. வியூபோர்ட்டில் பட்டியலைத் திறந்து 1:50 என்று தேர்ந்தெடுத்தால், ஆட்டோகேட் 480-ஐ 50-ஆல் வகுத்து 9.6 மி.மீ. என்று வரையும். முழு வீடும் தபால்தலையை விடச் சின்னதாக ஒரு மூலையில் கிடக்கும். அதற்கு இன்ச் எது, மில்லிமீட்டர் எது என்று தெரியாது. எண்ணை மட்டும் வகுக்கிறது. ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால் நாம் கொடுக்க வேண்டியது 25.4 / 50, அதாவது 0.508. வியூபோர்ட்டுக்குள் போய் இப்படி அடிக்கலாம்:

```
ZOOM
0.508XP
```

இப்போது 480 யூனிட், 243.8 மி.மீ. ஆகும். 30 அடி, 182.9 மி.மீ. அளவுக் கோடுகளுக்கும் டைட்டில் பிளாக்குக்கும் இடம் விட்டு, 420-க்கு 297 மி.மீ. உள்ள ஏ3 தாளில் தாராளமாக உட்காரும். உடனே வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து Display Locked என்பதை Yes ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரத்தில் விரல் பட்டாலே ஸ்கேல் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது.

பிளாட் செய்யும்போது பிரிண்டராக DWG To PDF.pc3, தாளாக ISO full bleed A3 (420.00 x 297.00 MM). full bleed இல்லாத ஏ3-யில் ஓரம் விடுவார்கள்; பார்டர் கோடு அதற்குள் விழுந்தால் வெட்டுப்படும். பிளாட் ஸ்கேல் 1:1. சுருக்கும் வேலையை வியூபோர்ட் முடித்துவிட்டது, இங்கே மறுபடி 1:50 போட்டுவிடாதீர்கள்.

கோட்டின் தடிமன் இந்தக் கணக்கில் சேராது. 0.50 என்றால் தாளில் அரை மில்லிமீட்டர். வீடு எந்த ஸ்கேலில் இருந்தாலும் அதேதான். நான் வெட்டுப்படும் சுவருக்கு 0.50, கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக் கோட்டுக்கு 0.18 வைக்கிறேன். 0.18, 0.25, 0.35, 0.50 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4-லிருந்து ஏ3-க்குப் போகும்போது பக்கங்கள் வளரும் விகிதமும் அதுவே. அதனால் ஏ3 படத்தை ஏ4-க்குச் சுருக்கினால் 0.50 கோடு 0.35 ஆகி, வரிசைக்குள்ளேயே நிற்கும். ஆனால் படத்தின் ஸ்கேல் 1:71 பக்கம் போய்விடும். எந்த அளவுகோலிலும் அதற்குக் கோடு கிடையாது.

மஞ்சள் நிறத்தில் வரைந்த கோடு அச்சில் மங்கிப் போனால், எல்லா நிறத்தையும் கறுப்பாக்கும் monochrome.ctb தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு கோடு கலராகவே வந்தால், அது 255 எண் நிறங்களில் ஒன்றாக இல்லாமல் True Color-ஆக இருக்கும். சிடிபி அதைத் தொடாது. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வந்தால் Plot object lineweights, Plot with plot styles இரண்டையும் பாருங்கள்.

இப்போது லேஅவுட்டின் ஓரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வைக்கிறேன். அச்சில் அது 97 வந்தால் பிரிண்டர்தான் குற்றவாளி. Actual size வைத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்தக் கோடு தாளில் போட்டது, வியூபோர்ட்டின் தவறை அது காட்டாது. அதற்காக பத்தடி சுவர் ஒன்றையும் அளக்க வேண்டும்: 1:50-ல் 61 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவாக இருக்கும். 100 சரியாக இருந்து 61 தவறினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் ஃபைலைத் திறந்து வியூபோர்ட்டைப் பார்க்கிறேன்.