x − 2 என்ன குறி?

(3x − 1)/(x − 2) ≤ 2 என்று ஒரு அசமன்பாடு. பார்த்தவுடன் கை தானாகவே x − 2-ஐ வலப்பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கிவிடும். 3x − 1 ≤ 2x − 4, ஆகவே x ≤ −3. இரண்டே வரியில் கணக்கு முடிந்தது.

சரிபார்ப்போம். x = −10 என்றால் இடப்பக்கம் −31/−12, அதாவது ஏறக்குறைய 2.58. அது 2-ஐவிடப் பெரியது, ஆனால் நம் விடை −10-ஐச் சேர்த்துக்கொள்கிறது. x = 0 என்றால் 1/2 வருகிறது, நிபந்தனை நிறைவேறுகிறது. நம் விடையில் 0 இல்லை.

குறை எண்ணால் பெருக்கினால் ≤ என்பது ≥ ஆகத் திரும்பவேண்டும். x − 2 மிகையா குறையா என்பது x தெரிந்தால்தான் தெரியும், அந்த x-ஐத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் பெருக்காமல், 2-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து பொதுப் பகுதி எடுக்கலாம். (3x − 1 − 2x + 4)/(x − 2), அதாவது

(x + 3)/(x − 2) ≤ 0

இப்போது கேள்வியே சுருங்கிவிட்டது: இந்தப் பின்னம் எங்கே குறை, எங்கே பூச்சியம்? தொகுதி −3-இல் பூச்சியம், பகுதி 2-இல் பூச்சியம். இவைதான் மாறுநிலை மதிப்புகள். இவற்றைத் தாண்டாமல் தொகுதியோ பகுதியோ தன் குறியை மாற்றிக்கொள்ள முடியாது, மிகையிலிருந்து குறைக்குப் போகிற வழியில் பூச்சியத்தைத் தொட்டே ஆகவேண்டும். ஆகவே எண்கோட்டின் ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு எண்ணைச் சோதித்தால் போதும். −10, 0, 5 என்று எடுத்துக்கொள்வோம்.

```
x        −10   |−3|   0   |2|   5
x + 3     −     0     +    +    +
x − 2     −     −     −    0    +
பின்னம்    +     0     −    ×    +
```

குறை வருவது நடுத்துண்டில் மட்டும். −3-இல் பின்னம் பூச்சியம், ≤ என்பதால் அது சேரும். 2-இல் பின்னத்துக்கு மதிப்பே இல்லை, ≤ இருந்தாலும் சேராது. விடை −3 ≤ x < 2. முதலில் கிடைத்த x ≤ −3-க்கும் இதற்கும் பொதுவானது −3 என்ற ஒரே எண்தான்!

குறிகள் எப்போதும் மாறி மாறித்தான் வரும் என்று நம்பி, ஒரு துண்டை மட்டும் சோதித்துவிட்டு மற்றவற்றை நிரப்புகிறவர்கள் உண்டு. மேலே அது பலித்திருக்கும். (x − 1)²(x + 3)/(x − 2) < 0 என்றால் பலிக்காது. வர்க்கம் ஒருபோதும் குறை ஆகாது, அதனால் 1-க்கு இருபுறமும் பின்னம் குறையாகவே இருக்கிறது. ஆனால் சரியாக 1-இல் அது பூச்சியம், < என்பதால் அந்தப் புள்ளி மட்டும் விடையிலிருந்து விலகும்: −3 < x < 2, x ≠ 1.

பெருக்கியே தீரவேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. x − 2-க்குப் பதில் (x − 2)²-ஆல் பெருக்கலாம், x = 2 தவிர மற்ற எல்லா இடத்திலும் அது மிகைதான். (x + 3)(x − 2) ≤ 0 என்று வரும், அப்புறம் x = 2-ஐ நாமே நினைவாக நீக்கவேண்டும். பகுதியில் இரண்டு மூன்று காரணிகள் இருந்தால் இந்த வழியில் படி கூடிக்கொண்டே போகும், அங்கே அட்டவணைதான் வசதி.